ஒரே பில்லுக்கு இரண்டு முறை பணம் போய்விட்டதா? திரும்பப் பெறுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் சிறு தொழிற்கூடங்களுக்குக் கணக்கு எழுதுகிறவன் நான். எவ்வளவு கவனமாக இருந்தாலும், ஒரு பார்ட்டிக்கு இரட்டைப் பணம் போகிற கதை ஏதாவது ஒரு யூனிட்டில் நடந்துகொண்டேதான் இருக்கிறது. என்னிடம் வருகிற கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். என் கையிலேயே நடந்த ஒரு சம்பவம் நடுநடுவே வரும். பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு யூனிட்டிலிருந்து, பேரிங் தரும் சென்னை சப்ளையர் ஒருவருக்கு, 84,960 ரூபாய் இரண்டு தடவை போனது.

இப்போதுதான் பார்த்தேன், ஒரே தொகை இரண்டு தடவை போயிருக்கிறது. உடனே சப்ளையருக்கு போன் போடட்டுமா?

ஒரு அரை மணி நேரம் பொறுங்கள். போன் போட்டுவிட்டு, "மன்னிக்கணும் சார், எங்க தப்பு" என்று இன்னொரு தடவை கூப்பிட நேர்ந்தால், அடுத்து நிஜமாகவே பணம் கேட்கும்போது உங்கள் பேச்சுக்கு மதிப்பு இருக்காது.

முதலில் பேங்க் ஸ்டேட்மெண்ட்டை எடுங்கள். டாலியை நம்ப வேண்டாம், ஸ்டேட்மெண்ட்டைத்தான் நம்ப வேண்டும். இரண்டாவது பேமெண்ட் திரும்பி வந்திருக்கிறதா என்று பாருங்கள். நெஃப்டில் போட்ட பணத்தைப் பெறுபவர் கணக்கில் வரவு வைக்க முடியாவிட்டால், அந்த பேட்ச் முடிந்த 2 மணி நேரத்துக்குள் எதிர் பேங்க் அதைத் திருப்பியாக வேண்டும். அப்படித் திரும்பிய வரவு வேறு பெயரில், வேறு வரியில் கிடக்கும். கணக்கர்கள் அதைக் கவனிக்காமல் விட்டுவிட்டு, "டபுள் பேமெண்ட்" என்று பதறியதை நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் பில்லைப் பாருங்கள். மாதாமாதம் ஒரே சரக்கை ஒரே அளவில் வாங்கினால் இரண்டு பில்களின் தொகை அச்சு அசலாக ஒன்றாகவே இருக்கும். அது இரட்டைப் பணம் இல்லை. பில் எண், தேதி, சரக்கு வந்த இன்வர்ட் பதிவு மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் உறுதி.

எங்கள் விஷயத்தில் நடந்தது இதுதான். பில்லின் போட்டோ முதலில் வாட்ஸ்அப்பில் வந்தது. பையன் அதை 312 என்று என்ட்ரி போட்டான். நான்கு நாள் கழித்து லாரியில் சரக்கோடு ஒரிஜினல் பில் வந்தது. அதில் 0312 என்று அச்சடித்திருந்ததால் அப்படியே இன்னொரு என்ட்ரி போட்டான். டாலிக்கு இரண்டும் வேறு வேறு எண். மார்ச் 6 அன்று நடப்புக் கணக்கிலிருந்து ஒன்று, மார்ச் 21 அன்று ஓ.டி. கணக்கிலிருந்து இன்னொன்று. இரண்டு பேங்க் என்பதால் ஒரே ஸ்டேட்மெண்ட்டில் பக்கத்துப் பக்கத்தில் கண்ணில் படவும் இல்லை. ஏப்ரல் 15 அன்று மார்ச் மாத GSTR-2B-யை ஒப்பிடும்போதுதான் மாட்டியது. அவர்கள் ஒரு பில்தான் ஏற்றியிருந்தார்கள், எங்கள் புத்தகத்தில் இரண்டு இருந்தன.

பேங்க்கில் சொல்லி அந்தப் பணத்தைத் திருப்பி எடுக்க முடியாதா?

நீங்களே போட்ட பேமெண்ட் என்றால் முடியாது. உங்கள் பேங்க் அதிகபட்சம் எதிர் பேங்க்குக்கு ஒரு கோரிக்கை அனுப்பும். எதிர் பேங்க் தன் வாடிக்கையாளரிடம், அதாவது உங்கள் சப்ளையரிடம், சம்மதம் கேட்கும். அவர் சரி என்றால்தான் பணம் நகரும். அவர் சரி என்று சொல்லக்கூடியவர் என்றால் நேராகவே கேட்டுவிடலாமே. ஆர்.டி.ஜி.எஸ். பேமெண்ட்டும் அப்படித்தான், போனது போனதுதான்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. நீங்கள் ஒரு தடவைதான் உத்தரவு கொடுத்தீர்கள், பேங்க் அதை இரண்டு தடவை அனுப்பிவிட்டது என்றால் அது பேங்க்கின் பிழை. அப்போது சப்ளையரைத் துரத்தாதீர்கள். பேங்க்குக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்கும்படி இல்லாவிட்டாலோ ரிசர்வ் பேங்க் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் போகலாம். ஆனால் திரை உறைந்து நின்றதால் நீங்களே மறுபடி பட்டனை அழுத்தியிருந்தால் அது இரண்டு உத்தரவு. இரண்டுக்கும் தனித்தனி யூ.டி.ஆர். எண் இருப்பது மட்டும் இதைத் தீர்க்காது. நெட் பேங்கிங்கில் உத்தரவுகளின் பட்டியலைப் பாருங்கள், அதில் எத்தனை உத்தரவு இருக்கிறது என்பதுதான் சாட்சி.

சப்ளையரிடம் எப்படிக் கேட்பது? நல்ல பழக்கம், பணம் என்று ஆரம்பிக்கவே சங்கடமாக இருக்கிறது.

பணத்தைக் கேட்காதீர்கள். லெட்ஜரைக் கேளுங்கள்.

இத்தனை வருடத்தில் நான் கற்றுக்கொண்டது இது ஒன்றுதான் என்றுகூடச் சொல்வேன். "ஐயா, வருஷக் கணக்கு முடிக்கிறோம், எங்க பெயர்ல உங்க புத்தகத்துல இருக்கிற லெட்ஜர் ஒரு காப்பி அனுப்புங்க" என்று கேட்டால் யாரும் யோசிக்க மாட்டார்கள். எல்லோரும் எல்லோரிடமும் கேட்பதுதானே. அந்த லெட்ஜரில் உங்கள் இரண்டு பேமெண்ட்டும் அவர்கள் கையாலேயே வரவு வைக்கப்பட்டிருக்கும். அதற்குப் பிறகு "எங்களுக்கு வரவே இல்லையே" என்ற பேச்சு எழாது. நீங்கள் முதலிலேயே பணம் கேட்டுவிட்டால், லெட்ஜர் வருவதற்குள் அந்த இரண்டாவது வரவு ஏதாவது ஒரு பழைய பாக்கியில் ஒட்டிக்கொண்டுவிடும். யாரும் ஏமாற்றுகிறார்கள் என்று சொல்லவில்லை. அவர்கள் கணக்கருக்கும் ஒரு தலைவலி, கண்ணில் பட்ட பாக்கியில் போட்டு மூடிவிடுவார்.

போன் யாருக்குப் போடுவது என்பதும் முக்கியம். நமக்குப் பழக்கம் சேல்ஸ்காரர். அவரிடம் சொன்னால் "பார்த்துக்கலாம் சார், அடுத்த ஆர்டர்ல அட்ஜஸ்ட் பண்ணிடலாம்" என்பார். அடுத்த ஆர்டர் கிடைப்பது அவருக்கு நல்லதுதானே. அக்கவுண்ட்ஸில் இருப்பவரிடம் பேசுங்கள். அங்கேயும் "நீங்க அதிகமா வாங்கிட்டீங்க" என்று ஆரம்பிக்க வேண்டாம், வாங்கியது அவர்கள் தப்பில்லை. "எங்க பக்கம் ரெண்டு தடவை போயிடுச்சு, உங்க லெட்ஜர்லயும் தெரியுது பாருங்க" என்றால் போதும். பேசிய அன்றே மெயிலும் போய்விட வேண்டும். போனில் சரி என்றவர் மாத நடுவில் வேலை மாறிப் போய்விடலாம்.

எங்கள் சென்னை பார்ட்டி அன்று சாயங்காலமே லெட்ஜர் அனுப்பினார்கள். மார்ச் 21 வரவு 84,960 தெளிவாக இருந்தது. அதோடு கீழே இன்னொரு வரியும் இருந்தது, அதற்குப் பிறகு வருகிறேன்.

கடிதத்தில் என்னென்ன இருக்க வேண்டும்? நீளமாக எழுத வேண்டுமா?

அரைப் பக்கம் போதும். எதிரில் இருப்பவர் தன் ஸ்டேட்மெண்ட்டில் தேடிக் கண்டுபிடிக்கத் தேவையானது இருந்தால் சரி. பில் ஒன்று, பேமெண்ட் இரண்டு, இரண்டுக்கும் தேதி, எந்தக் கணக்கிலிருந்து போனது, யூ.டி.ஆர். எண். நெஃப்ட் என்றால் அந்த எண் 16 எழுத்து, ஆர்.டி.ஜி.எஸ். என்றால் 22. பேங்க் தன் உள் உபயோகத்துக்குத் தருகிற ரெஃபரன்ஸ் எண்ணைக் கொடுத்தால் எதிர்ப்பக்கம் தேடினாலும் கிடைக்காது. எழுத்துகளை எண்ணிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். நாங்கள் அனுப்பியது ஏறக்குறைய இப்படி இருந்தது:

> பொருள்: பில் எண் 0312-க்கு இரண்டு முறை செலுத்திய தொகை ரூ. 84,960 திருப்பி அனுப்பக் கோருதல்
>
> ஐயா,
>
> தங்களது பில் எண் 0312-க்கான தொகை ரூ. 84,960-ஐ மார்ச் 6 அன்று எங்கள் நடப்புக் கணக்கிலிருந்து நெஃப்ட் மூலம் செலுத்தினோம். அதே பில்லுக்கு மார்ச் 21 அன்று எங்கள் ஓ.டி. கணக்கிலிருந்து தவறுதலாக மறுபடியும் ரூ. 84,960 செலுத்திவிட்டோம். இரண்டு பேமெண்ட்டின் யூ.டி.ஆர். எண்களும் ஸ்டேட்மெண்ட் நகல்களும் இணைப்பில் உள்ளன. ஏப்ரல் 15 அன்று தாங்கள் அனுப்பிய லெட்ஜரிலும் இரண்டு வரவும் உள்ளன.
>
> இரண்டாவது தொகைக்கு எதிராக எந்தச் சரக்கும் பில்லும் இல்லை. ஆகவே அதைப் பணம் புறப்பட்ட அதே ஓ.டி. கணக்குக்கு ஏப்ரல் 25-க்குள் அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். கேன்சல் செய்த காசோலை நகல் இணைத்துள்ளோம்.

தேதி குறிப்பிடுவது மரியாதைக்குறைவு என்று சிலர் நினைக்கிறார்கள். தேதி இல்லாத கோரிக்கை யாருடைய மேஜையிலும் மேலே வராது. ஸ்டேட்மெண்ட் நகலில் மற்ற வரிகளை மறைத்துவிட்டு அனுப்புங்கள். யாருக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பது போட்டிக் கடைக்காரருக்குப் போக வேண்டிய அவசியம் இல்லை.

"அடுத்த பில்லில் கழித்துக்கொள்ளுங்கள்" என்கிறார். ஒத்துக்கொள்ளலாமா?

மாதாமாதம் வாங்குகிற பார்ட்டி, தொகை ஒரு மாதக் கொள்முதலுக்குள் அடங்கிவிடும் என்றால் தாராளமாக ஒத்துக்கொள்ளலாம். எங்கள் பக்கத்தில் பாதிக்கு மேல் இப்படித்தான் முடியும். ஆனால் வருடத்துக்கு ஒரு தடவை வாங்குகிறவரிடம் இதற்குத் தலையாட்டினால், உங்கள் பணம் அவருக்கு வட்டியில்லாத கடன் ஆகிவிடுகிறது. உங்கள் ஓ.டி.க்கு மட்டும் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். நடுவில் அவர் கடையை மூடிவிட்டால் கடன்காரர்கள் வரிசையில் கடைசியில் நிற்க வேண்டியதுதான்.

ஒத்துக்கொண்டால் எழுத்தில் வாங்குங்கள். "உங்கள் தொகை 84,960 எங்களிடம் இருக்கிறது, இனி வரும் பில்களில் கழிக்கச் சம்மதம்" என்று அவர்கள் லெட்டர்ஹெட்டில் ஒரு வரி போதும். அது இல்லாமல் நீங்களே அடுத்த பில்லில் பிடித்தால், அவர் குறுந்தொழில் அல்லது சிறுதொழில் பதிவு வைத்திருக்கிறவர் என்றால், பாக்கி வைத்துவிட்டதாக உங்கள் மேலேயே புகார் போடலாம். குறு, சிறு தொழில்களுக்கான சட்டத்தில் தாமதத்துக்கு வட்டி, பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி.

இன்னொரு நுணுக்கம். சரக்குக்கு அட்வான்ஸ் என்றால் சப்ளையர் அந்த அட்வான்ஸுக்கு ஜி.எஸ்.டி. கட்ட வேண்டியதில்லை. சர்வீஸ் என்றால் அட்வான்ஸ் வாங்கியபோதே வரி வந்துவிடும். ஆகவே லேபர் ஜாப், ரிப்பேர் போன்றவற்றுக்குப் போன இரட்டைப் பணத்தை "அட்வான்ஸாக இருக்கட்டும்" என்று பேசி முடித்தால், பாவம் அவருக்குத்தான் தொல்லை. அதைச் சொன்னாலே சர்வீஸ் பார்ட்டிகள் பணத்தைச் சீக்கிரம் திருப்பிவிடுவார்கள்.

கிரெடிட் நோட் போட்டு அனுப்பிவிட்டார்கள். அது போதும்தானே?

போதாது, அது தப்பும்கூட. ஜி.எஸ்.டி.யில் கிரெடிட் நோட் என்பது பில்லின் மதிப்பு குறையும்போது போடுவது. சரக்கு திரும்பியது, விலை குறைந்தது, வரி கூடுதலாகப் போட்டுவிட்டார்கள், இப்படி. இங்கே பில் சரியாகத்தான் இருக்கிறது, சரக்கும் வந்துவிட்டது. பணம் மட்டும்தான் கூடுதலாகப் போனது. அவர்கள் 72,000 சரக்கு, 12,960 வரி என்று கிரெடிட் நோட் ஏற்றினால், அது உங்கள் GSTR-2B-யில் வந்து நீங்கள் நியாயமாக எடுத்த 12,960 இன்புட்டைத் திருப்பச் சொல்லும். அந்த கிரெடிட் நோட்டை மறுத்துவிட்டு, பணத்தையே திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். வெறும் பேங்க் டிரான்ஸ்ஃபரும் இரண்டு பக்க லெட்ஜரும்தான் இதற்குத் தேவை.

பேமெண்ட் மட்டுமில்லை, பில்லையே இரண்டு தடவை என்ட்ரி போட்டிருக்கிறோம். அதை என்ன செய்வது?

இதை முதலில் சரி செய்யாமல் பணம் கேட்கப் போகாதீர்கள். உங்கள் புத்தகத்தில் இரண்டு பில், இரண்டு பேமெண்ட், பாக்கி பூஜ்யம் என்று அழகாக இருக்கும். அந்த லெட்ஜரை நீங்களே அனுப்பினால் கேட்பதற்கு உங்களிடம் ஒன்றும் இல்லை என்று ஆகிவிடும்.

போலிப் பர்ச்சேஸ் என்ட்ரியை எடுத்துவிட்டால், பார்ட்டி லெட்ஜரில் 84,960 வர வேண்டியது என்று டெபிட்டில் நிற்கும். அதோடு ஸ்டாக்கில் இல்லாத பேரிங் இருப்பதாகக் காட்டியதும் சரியாகும். இன்புட் வரியும் ஒன்றாகும். எங்களுக்கு ஏப்ரல் 15-இலேயே தெரிந்ததால், 20-ஆம் தேதி GSTR-3B போடுவதற்குள் திருத்திவிட்டோம். ரிட்டர்ன் போன பிறகு தெரிந்தால், கூடுதலாக எடுத்த இன்புட்டைத் திருப்ப வேண்டும், அதைப் பயன்படுத்தியும் இருந்தால் 18 சதவீத வட்டியோடு. டி.டி.எஸ். பிடிக்கிற பில் என்றால் அதுவும் இரண்டு தடவை கட்டியிருப்பீர்கள். அதை ஆடிட்டரிடம் சொல்லி டி.டி.எஸ். ரிட்டர்னைத் திருத்த வேண்டும், சப்ளையரிடம் கேட்கக் கூடாது.

பழைய பாக்கி இருக்கிறது, அதில் பிடித்துக்கொண்டோம் என்கிறார்கள். என்ன செய்வது?

லெட்ஜரில் கீழே இருந்தது என்று சொன்னேனே, அந்த வரி இதுதான். போன வருடம் சில பேரிங் சரியில்லை என்று நாங்கள் 11,800 குறைத்துக் கொடுத்திருந்தோம். எங்கள் புத்தகத்தில் டெபிட் நோட் போட்டு அதை முடித்தாயிற்று. அவர்கள் அதை ஏற்கவே இல்லை, பாக்கியாகவே வைத்திருந்தார்கள். இரட்டைப் பணம் வந்ததும் அதில் கழித்துக்கொண்டு, மீதிக்கும் பதில் சொல்லாமல் இருந்தார்கள்.

எங்கள் முதலாளிக்குக் கோபம். "அந்த பேரிங் பேச்சை முடிச்சுட்டு மொத்தமா வாங்குங்க" என்றார். நான் வேண்டாம் என்றேன். சண்டை இருக்கிற தொகையையும் சண்டை இல்லாத தொகையையும் ஒன்றாகக் கட்டினால், சின்னது பெரியதையும் பிடித்துவைத்துக்கொள்ளும். 84,960-இல் 11,800 போனால் 73,160. அதில் அவர்களுக்கும் மறுப்பு இல்லை. ஆகவே "மறுப்பில்லாத 73,160-ஐ முதலில் அனுப்புங்கள். 11,800-ஐ நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை, அதைத் தனியாகப் பேசுவோம்" என்று இரண்டு வரி மெயில் போட்டோம். ஏப்ரல் 24 அன்று 73,160 வந்துவிட்டது. 11,800-க்கு இன்னும் இரண்டு மாதம் ஆனது. பேரிங் திருப்பி அனுப்பிய டெலிவரி சலான் எங்களிடம் இருந்ததால்தான் அதுவும் வந்தது.

நடுவில் சொன்ன அந்த "விட்டுக்கொடுக்கவில்லை" என்ற சொல் இல்லாவிட்டால், 73,160-ஐ முழுத் தீர்வாக வாங்கிக்கொண்டோம் என்று பின்னால் சொல்ல இடம் உண்டு.

ரொக்கமாகத் தருகிறேன் என்கிறார்.

வேண்டாம். 2 லட்சம் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்குவதற்கே வருமான வரிச் சட்டத்தில் தடை இருக்கிறது, வாங்கியவருக்குத்தான் அபராதம். அதற்குக் கீழே என்றாலும், பேங்க்கில் போன பணம் ரொக்கமாகத் திரும்பியதற்கு ஆடிட்டரிடம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

பணம் அனுப்ப ஒரு லிங்க் அனுப்பியிருக்கிறார்கள், ஓ.டி.பி. கேட்கிறார்கள்.

பணம் வாங்குவதற்கு ஓ.டி.பி., பின் எண் எதுவும் தேவையில்லை. கணக்கு எண்ணும் ஐ.எஃப்.எஸ்.சி.யும் போதும். உங்கள் மெயிலை யாரோ படித்திருக்கலாம். பழைய போன் எண்ணில் பார்ட்டியைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். இதே ஆபத்து எதிர்ப்பக்கத்திலும் உண்டு. உங்கள் பெயரில் யாராவது "பணத்தை இந்தப் புதிய கணக்குக்கு அனுப்புங்கள்" என்று அவர்களுக்கு மெயில் போடலாம். அதனால்தான் பணம் புறப்பட்ட அதே கணக்குக்குத் திருப்பக் கேட்பது நல்லது.

லெட்ஜர் கொடுத்தார், சரி என்றார், மூன்று மாதமாக இழுக்கிறார். சட்டத்தில் இடம் உண்டா?

தெளிவாக உண்டு. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 72-வது பிரிவு, தவறுதலாகப் பணம் பெற்றவர் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று நேரடியாகவே சொல்கிறது. தவறு யாருடையது என்பது அங்கே கேள்வியே இல்லை. வழக்குப் போட மூன்று வருடம். தவறைக் கண்டுபிடித்த நாளிலிருந்தோ, கவனமாக இருந்திருந்தால் கண்டுபிடித்திருக்கக்கூடிய நாளிலிருந்தோ அது ஓடும். அந்த மூன்று வருடத்துக்குள் அவர் கையெழுத்திட்டு "இவ்வளவு தர வேண்டியிருக்கிறது" என்று ஒப்புக்கொண்டால், அந்தத் தேதியிலிருந்து காலம் புதிதாக ஓடத் தொடங்கும். ஆரம்பத்தில் லெட்ஜர் கேட்டதை, கையெழுத்தும் சீலும் வைத்துக் கேட்டிருந்தால் எவ்வளவு நல்லது என்று இப்போது தெரியும்.

வக்கீல் நோட்டீஸில், எந்தத் தேதியிலிருந்து வட்டி கேட்பீர்கள் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். அதற்கும் முன்னால் தாலுகா அல்லது மாவட்டச் சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுத்து லோக் அதாலத்தில் பேசிப் பார்க்கலாம், கோர்ட் கட்டணம் கிடையாது. எழுபது எண்பதாயிரத்துக்குச் சிவில் வழக்கு என்று இறங்கினால் அலைச்சல்தான் மிச்சம் என்பது என் அபிப்பிராயம். சமாதான் போர்ட்டலில் புகார் போடலாமா என்று கேட்கிறார்கள். அது சப்ளையர் தன் பாக்கிக்காகப் போடுகிற இடம், வாங்குகிறவருக்கு அங்கே வழியில்லை.

பணம் வந்துவிட்டது. டாலியில் எப்படிப் போடுவது?

ரிசீப்ட் வவுச்சர், அதே பார்ட்டி லெட்ஜருக்குக் கிரெடிட். இதர வருமானத்தில் போட்டுவிடாதீர்கள், அதற்கு வருமான வரி கட்டிக்கொண்டிருப்பீர்கள். பில்வாரி விவரம் கேட்கும்போது `On Account` கொடுக்காமல், கூடுதலாகப் போன பேமெண்ட்டை எந்தப் பெயரில் வைத்தீர்களோ அதையே `Agst Ref` கொடுத்துத் தேர்ந்தெடுங்கள். எங்களுக்கு 73,160 போட்டதும் அந்தப் பெயரில் 11,800 மட்டும் டெபிட்டில் நின்றது. ஜூன் கடைசியில் அதுவும் வந்து, அந்த வரி பாக்கிப் பட்டியலிலிருந்து மறைந்தது.